ஒளியின் திசை: விட்டில், வலசைப் பறவை, கடலாமைக் குஞ்சு பற்றிய ஆய்வுகளும் விளக்கு மறைப்பின் வளர்ச்சியும்

இரவில் எரியும் விளக்கை விரும்பியே உயிரினங்கள் அதனிடம் வருகின்றன என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. விளக்கில் விழும் விட்டிலை ஆசைக்கு உவமையாகச் சொல்லும் வழக்கும் அக்கருத்தையே சார்ந்தது. கடந்த நூறாண்டுக்கு மேலாக நடந்த ஆய்வுகள் இதைப் படிப்படியாகத் திருத்தியுள்ளன. பூச்சியும் பறவையும் ஆமைக் குஞ்சும் வானத்தையோ அடிவானத்தையோ அடையாளமாகக் கொண்டு மேல் கீழையும் திசையையும் அறிகின்றன. செயற்கை விளக்கு அந்த அடையாளம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அவை விளக்கை நாடி வருவதைவிட வழி தப்பி அதில் மாட்டிக்கொள்வதே பெரும்பாலும் நிகழ்கிறது. இத்திருத்தம் எவ்வாறு ஏற்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்ந்து, விளக்கின் பிரகாசத்துக்கு முன்பாக அதன் ஒளி எத்திசையில் செல்கிறது என்பதையே கேட்க வேண்டியிருப்பதன் காரணத்தை விளக்குகிறது.

கலங்கரை விளக்கத்துப் பறவைகள்

இத்துறையின் முதல் சான்றுகள் கலங்கரை விளக்கங்களிலிருந்து கிடைத்தன. வடகடலிலுள்ள ஹெலிகோலாந்து தீவில் பல பத்தாண்டுகள் தங்கிப் பறவைகளைக் கவனித்த ஹைன்ரிக் கெட்கே 1891இல் வெளியிட்ட நூலிலும், 1901இல் இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தில் தங்கிய வில்லியம் ஈகிள் கிளார்க்கின் குறிப்புகளிலும், வலசை செல்லும் பறவைகள் இரவில் விளக்கைச் சுற்றித் திரள்வது பதிவாகியுள்ளது. எல்லா இரவுகளிலும் இது நிகழ்வதில்லை என்பது இப்பதிவுகள் உணர்த்தும் முக்கியச் செய்தி. நிலவும் விண்மீன்களும் தெரியும் தெளிந்த இரவுகளில் பறவைகள் விளக்கைப் பொருட்படுத்தாமல் கடந்துபோயின. முகில் மூடி, மூடுபனியோ தூறலோ இருந்த இரவுகளில்தான் அவை ஒளிக்கற்றைக்குள் சுழன்று, கண்ணாடியில் மோதி விழுந்தன.

இதே நிலை மிகப் பெரிய அளவில் நிலத்தின் மீது நிகழ்ந்தது 1954 அக்டோபரில். முகிலின் உயரத்தை அளப்பதற்காக வானை நோக்கிச் செங்குத்தாக ஒளிக்கற்றையைப் பாய்ச்சும் கருவிகள் அக்காலத்தில் அமெரிக்க விமான தளங்களில் இருந்தன. ஜார்ஜியா மாநிலத்தின் வார்னர் ராபின்ஸ் விமானப்படைத் தளத்தில் அத்தகைய கற்றை ஒன்றில் சிக்கிய பறவைகளுள் ஏறத்தாழ 50,000 பறவைகள், 53 இனங்களைச் சேர்ந்தவை, ஒரே இரவில் இறந்தன. பின்னர் இக்கருவிகளில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்டி, பெரும்பாலும் புறஊதாக் கதிரை மட்டும் அனுப்பும் வடிப்பான் பொருத்தப்பட்டபோது உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது.

இச்சான்றுகளைக் கோட்பாடாகத் தொகுத்தவர் நெதர்லாந்து ஆய்வாளர் வெர்ஹெய்யன். 1958இல் வெளியான அவருடைய கட்டுரை, விலங்குகளை விளக்கு ஈர்க்கிறது என்னாமல் சிறைப்படுத்துகிறது என்றது. இயற்கையில் ஒளி வானம் முழுவதும் பரவி வருகிறது. விலங்கின் இரு கண்களும் அந்தப் பரவலை ஒப்பிட்டே உடலின் நிலையைச் சரிசெய்கின்றன. இருளின் நடுவே ஒற்றைப் புள்ளியாக எரியும் விளக்கு அப்பரவலைக் குலைப்பதால் விலங்கு அதன் பிடியிலிருந்து மீள முடிவதில்லை. ஒளியையும் மாசு என்னும் சொல்லோடு இணைத்து 1985இல் எழுதியவரும் அவரே.

சிறைப்படுதல் என்பது உவமை அன்று என்பதை நியூயார்க் நகர ஆய்வு காட்டியது. செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுதோறும் ஓரிரவு அங்கே 88 விளக்குகள் வானை நோக்கி எரிகின்றன; அந்நாள் பறவைகள் தெற்கே வலசை போகும் பருவத்தில் அமைகிறது. ராடார் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, ஏழு இரவுகளில் ஏறத்தாழ 11 லட்சம் பறவைகள் இவ்வொளியால் பாதிக்கப்பட்டன. கற்றைக்குள் ஆயிரத்துக்கு மேல் பறவைகள் எண்ணப்பட்டால் விளக்குகள் சுமார் 20 நிமிடங்கள் அணைக்கப்படும். அணைத்த சில நிமிடங்களிலேயே திரள் கலைந்து பறவைகள் தம் வழியே சென்றன. தொலைத்தொடர்புக் கோபுரங்களில் அணையாது எரியும் சிவப்பு விளக்குகளை நீக்கிவிட்டு விட்டு விட்டு மின்னுபவற்றை மட்டும் வைத்திருப்பது மோதல் இறப்புகளைப் பாதிக்கு மேல் குறைப்பதும் 2009இல் வெளியான மிச்சிகன் ஆய்வில் தெரியவந்தது. இருள் இடைவெளி கிடைத்தால் பறவை தப்பிக்கொள்கிறது.

முதுகைத் திருப்பும் பூச்சி

பூச்சிகளைப் பொறுத்தவரை நிலவை வைத்துத் திசையறியும் அந்துப்பூச்சி விளக்கை நிலவென மயங்குகிறது என்ற விளக்கமே நெடுநாள் செல்வாக்குப் பெற்றிருந்தது. நிலவு மிகத் தொலைவில் இருப்பதால் அதை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு நேராகப் பறக்கலாம். அருகிலுள்ள விளக்கை அவ்வாறு வைத்துப் பறந்தால் பாதை சுருள்வட்டமாகி நெருங்கும் என்பது இதன் தருக்கம்.

2024இல் சாமுவேல் ஃபாபியன், யஷ் சோந்தி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, அதிவேகக் கேமராவில் பூச்சிகளின் உடற்சாய்வையே பதிவுசெய்து இதற்கு வேறு விடை கண்டது. பறக்கும் பூச்சி, தனக்கு மேலே இருப்பது ஒளிமிக்க வானம் என்று கொண்டு, முதுகை ஒளியின் பக்கம் திருப்பிப் பறக்கிறது. இதுவே முதுகொளி எதிர்வினை எனப்படுகிறது. பக்கவாட்டில் விளக்கு இருந்தால் அதன் உடல் சாய்ந்து, பாதை வளைந்து, விளக்கைச் சுற்றும் வட்டமாகிறது. விளக்குக்கு மேலே பறக்கும்போது அது தலைகீழாகப் புரண்டு தரையில் விழுகிறது. தலைக்கு மேல் விரிப்பு ஒன்றின் வழியே ஒளி பரவலாக விழுந்தபோது பூச்சிகள் தடையின்றிப் பறந்தன. தரையிலிருந்து ஒளி மேல்நோக்கி வந்தபோதோ கவிழ்ந்தன. ஆக, ஒளி இருப்பதைக் காட்டிலும் அது எப்பக்கமிருந்து வருகிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது. எல்லாப் பூச்சிகளும் இவ்வாறு நடந்துகொள்ளவில்லை; அரளிச் செடியை உண்டு வளரும் ஒரு பருந்து அந்துப்பூச்சியிடம் இந்த எதிர்வினை காணப்படவில்லை. அருகில் வந்த பூச்சியின் நடத்தையை இவ்விளக்கம் தெளிவாக்கினாலும், தொலைவிலிருந்து வரும் பூச்சியின் பயணத்தை இது விளக்குவதில்லை.

அடிவானத்தைத் தேடும் குஞ்சு

கடலாமைக் குஞ்சு பற்றிய ஆய்வுக்கு 1922இல் ஜி. எச். பார்க்கர் வெளியிட்ட கட்டுரை ஒரு தொடக்கமாக அமைந்தது. தடையற்று விரியும் அடிவானத்தை நோக்கியே குஞ்சுகள் ஊர்கின்றன என்று அவர் கண்டார். மணல் குளிர்ந்த பின், பெரும்பாலும் இரவில், குழியிலிருந்து வெளிவரும் குஞ்சு, கடற்கரையில் தாழ்வாகவும் பிரகாசமாகவும் தெரியும் பக்கத்தைத் தேர்ந்து, மணல்மேடும் மரங்களும் உயர்ந்து இருண்டிருக்கும் பக்கத்தை விட்டு விலகுகிறது. இயற்கையான கரையில் பிரகாசமான தாழ்ந்த பக்கம் கடலாகவே இருக்கும். குஞ்சின் கண் கிடைமட்டத்தில் அகன்ற பரப்பையும், செங்குத்தாகக் குறுகிய பட்டையையும் கணக்கில் கொள்வதால், உச்சியிலுள்ள நிலவு அதை ஏமாற்றுவதில்லை. தாழ்வாக எரியும் தெருவிளக்கு ஏமாற்றிவிடுகிறது.

நிறத்தின் பங்கை விதரிங்டன், பியோர்ண்டால் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. குஞ்சுகள் புறஊதா, நீலம், பச்சை ஆகிய குறுகிய அலைநீள ஒளியை நாடுகின்றன. மஞ்சள் ஒளியின் ஈர்ப்பு குறைவு, பெருந்தலை ஆமைக் குஞ்சோ மஞ்சளை விட்டு விலகவும் செய்கிறது. ஆயினும் மஞ்சள் விளக்கு மிகப் பிரகாசமாக இருந்தால் பிற இனக் குஞ்சுகள் அதை நோக்கி ஊரவே செய்யும் என்பதால், நிறம் மாற்றுவது மட்டும் தீர்வாகாது.

சென்னைக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் வரலாறும் இங்கே பொருந்துகிறது. அங்கு 1974இல் ஆமைக் கூடுகளைத் தேடி இரவு நடை தொடங்கியது; 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அப்பணியைத் தொடர்ந்தது. முட்டைத் திருட்டு, நாய்கள் ஆகியவற்றோடு நகர விளக்குகளும் கூடுகளைப் பொரிப்பகத்துக்கு மாற்ற வேண்டிய காரணங்களாயின. பொரிப்பகம் அங்கே வைக்கப்பட்ட முட்டைகளைக் காக்கும். கண்டுபிடிக்கப்படாத கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சு விளக்கையே எதிர்கொள்ளும்.

மறைப்பின் கணக்கு

விளக்கிலிருந்து மேல்நோக்கி எந்த ஒளியும் செல்லாதபடி அடிப்பக்கம் தட்டையாக அமைந்தது முழுமறைப்பு விளக்கு எனப்படுகிறது. வானில் ஒளி சிதறுவதைப் பெருமளவு தடுப்பதால் இது பறவைகளுக்குப் பயன்படுகிறது. கடற்கரையில் இது மட்டும் போதாது என்பதை எளிய கணக்கு காட்டும்.

சாலையோரத்தில் 8 மீட்டர் உயரக் கம்பத்தில் முழுமறைப்பு விளக்கு எரிவதாகவும், ஆமைக் கூடு அதிலிருந்து 50 மீட்டர் தொலைவில் அதே மட்டத்தில் இருப்பதாகவும் கொள்வோம். கூட்டிலிருந்து நோக்கினால் விளக்கு அடிவானத்துக்கு 9 பாகை மேலே தெரியும். குஞ்சின் பார்வைப் பட்டைக்குள் அது அடங்கிவிடுகிறது. இனி, கடலை நோக்கிய பக்கத்தில் மட்டும் ஒரு தகட்டுத் தடுப்பு பொருத்தி, செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகைக்கு அப்பால் ஒளி செல்லாமல் செய்தால், நேரொளி கம்பத்திலிருந்து ஏறத்தாழ 14 மீட்டர் வரை மட்டுமே விழும். கம்பத்தை 4 மீட்டராகக் குறைத்தால் அது 7 மீட்டராகச் சுருங்கும். கரை சாலையைவிட 2 மீட்டர் தாழ்ந்திருந்தால் 8 மீட்டர் கம்பத்தின் எல்லை 17 மீட்டராக நீளும் என்பதால், தடுப்பின் கோணத்தை நிலத்தின் சரிவை அளந்தே முடிவு செய்ய வேண்டும். சாலையின் பக்கம் ஒளி குறையாதபடி தடுப்பு ஒருபுறம் மட்டும் அமைவதும், கம்பங்களின் உயரம் குறையும்போது அவற்றின் இடைவெளியையும் குறைக்க வேண்டியிருப்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டியவை.

தடுப்பு நேரொளியை மறைக்கும். சாலைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை மறைக்காது. அதைக் குறைக்க மங்கலான, நீலம் கலவாத மஞ்சள் எல்.இ.டி. விளக்கும், கூடு பொரியும் பருவத்தில் நள்ளிரவுக்குப் பின் அணைப்பதும் தேவைப்படுகின்றன. குறுகிய அலைநீள ஒளியைப் பல இரவுப் பூச்சிகள் கூர்மையாக உணர்வதால் நீலத்தை நீக்குவது அவற்றுக்கும் நன்மை தரும். ஆயினும் பூச்சியின் முதுகு எப்பக்கம் திரும்பும் என்பதை விளக்கின் இடமே முடிவு செய்கிறது.

தடுப்பு சரியாக அமைந்ததா என்பதைக் கருவியின்றியும் சோதிக்கலாம். நிலவற்ற இரவில் கூடு இருக்கும் இடத்தில் மணலில் படுத்து, கண்ணைக் குஞ்சின் உயரத்துக்குக் கொணர்ந்து நிலத்தின் பக்கம் நோக்கினால், விளக்கின் எரியும் பகுதி தெரியக் கூடாது. எழுந்து நின்றால் மணலில் நிழல் விழக் கூடாது. இவற்றைவிட உறுதியான சான்று விடியற்காலையில் மணலிலேயே கிடைக்கும். ஒளி தொந்தரவில்லாத கூட்டிலிருந்து குஞ்சுகளின் தடங்கள் குறுகிய விசிறியாகக் கடலுக்குச் செல்லும். விசிறி அகன்றிருந்தாலும், தடங்கள் வட்டமிட்டிருந்தாலும், சாலைப் பக்கம் திரும்பியிருந்தாலும் மறைப்பில் குறை உள்ளது எனலாம். அந்த விசிறியின் இரு ஓரத் தடங்களுக்கு இடையிலான கோணத்தை விளக்கு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதே, பொருத்தப்பட்ட தகடு பயன் தந்ததா என்பதை முடிவாகக் கூறும்.