மூளை மலேரியா: இரத்தக் குழாயில் ஒட்டிக்கொள்ளும் சிவப்பணு ஏன் உயிருக்கே ஆபத்தாகிறது?

பாரிட் புந்தாரைச் சுற்றி இருப்பது கிரியானின் தட்டையான நெல்வயல். அங்கிருந்து கிழக்கே செலாமா பக்கம் போகப் போக நிலம் மேடாகிறது. பேராக்கின் இதுபோன்ற மலையடிவாரங்களில் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டன், பூட்டன் காலத்துக் குடும்பங்களுக்கு 'குளிர்காய்ச்சல்' என்றாலே ஒரு பயம் இருந்தது. மரம் நட காட்டை வெட்டியதும் மலை ஓடைகள்மீது வெயில் விழுந்தது. தெளிந்து ஓடும் அந்த நீரில்தான் அனாஃபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசு முட்டையிடும். மலாயாவின் மேட்டு நிலத் தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பிய முக்கியக் கொசு இதுதான்.

அந்தக் காய்ச்சலில் பலர் குளிரில் நடுங்கி, வியர்த்து, பிறகு எழுந்துவிடுவார்கள். சிலர் மட்டும் வலிப்பு வந்து, நினைவு தப்பி, கண் திறக்காமலே போய்விடுவார்கள். அதைத்தான் இன்று 'மூளை மலேரியா' என்கிறோம். கொசுவும் கடியும் ஒன்றாக இருக்க, முடிவு மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

ஒட்டுண்ணி மூளைக்குள் புகுந்துவிடுகிறதா?

இல்லை. பலர் நினைப்பது அப்படித்தான், ஆனால் நடப்பது வேறு. ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சிவப்பணு, மூளையின் மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. 1890களிலேயே இத்தாலிய மருத்துவர்கள் மார்க்கியாஃபாவாவும் பிக்னாமியும் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, நுண்குழாய்களில் ஒட்டுண்ணி நிறைந்த அணுக்கள் அடைத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். இந்த வேலையைப் பெரிய அளவில் செய்வது பால்சிபாரம் என்ற மலேரியா வகை.

48 மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

ஒரே ஒரு சிவப்பணுவைப் பின்தொடர்ந்து பார்ப்போம். ஒட்டுண்ணி உள்ளே நுழைந்த பிறகு முதல் 16 முதல் 20 மணி நேரம் அது ஒரு சின்ன மோதிரம் மாதிரி இருக்கும். அந்த அணு மற்ற அணுக்களோடு சேர்ந்து உடல் முழுக்கச் சுற்றிவரும்.

அதன் பிறகு ஒட்டுண்ணி பெருக்கிறது. வழவழப்பாக இருந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் முளைக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் ஒட்டுண்ணியே செய்து அனுப்பிய ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் பிஎஃப்இஎம்பி-1. இதைக் கொக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தக் குழாயின் உட்சுவரில் ஐகேம்-1, இபிசிஆர் போன்ற நம்முடைய சொந்தப் புரதங்கள் இருக்கின்றன. கொக்கி அவற்றில் மாட்டிக்கொள்ள, அணு அங்கேயே நின்றுவிடுகிறது. 48 மணி நேரம் ஆனதும் அணு வெடித்து, புதிய ஒட்டுண்ணிகள் வெளியே வந்து அடுத்த அணுக்களைப் பிடிக்கின்றன.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்? காரணம் மண்ணீரல். விறைத்துப் போன, கெட்டுப்போன சிவப்பணுக்களை வடிகட்டி அழிப்பது மண்ணீரலின் வேலை. முதிர்ந்த ஒட்டுண்ணி உள்ள அணு அந்த வழியாகப் போனால் மாட்டிக்கொள்ளும். சுவரில் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

நம் உடல் அந்தக் கொக்கியை அடையாளம் கண்டு எதிர்ப்பு அணுப்புரதம் உருவாக்கலாமே என்று கேட்கலாம். உருவாக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒட்டுண்ணியிடம் இந்தக் கொக்கிக்கு சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். ஒன்று பிடிபட்டால், வேறு கொக்கி போட்ட ஒட்டுண்ணிகள் தப்பித்துப் பெருகும்.

எல்லாக் கொக்கியும் மூளையைத் தாக்குமா?

தாக்காது. கொக்கியின் வடிவத்தைப் பொறுத்து அது மாட்டும் இடமும் மாறுகிறது. 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, கடுமையான மலேரியாவோடு தொடர்புடைய கொக்கிகள் இபிசிஆர் புரதத்தில் மாட்டுவதைக் காட்டியது. இபிசிஆருக்கு நம் உடலில் ஒரு முக்கியமான வேலை உண்டு. இரத்தம் தேவையில்லாமல் உறையாமலும், குழாய்ச் சுவர் கசியாமலும் பார்த்துக்கொள்ள அது உதவுகிறது. கொக்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு குறையும். ஆக ஒரு பக்கம் குழாய் அடைக்கிறது, இன்னொரு பக்கம் சுவர் கசிகிறது. மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடமில்லை என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது.

இரத்தப் பரிசோதனை ஏன் ஏமாற்றலாம்?

விரலில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அணுக்கள்தான் வரும். சுவரில் ஒட்டியவை வராது. அதனால் நுண்ணோக்கியில் கொஞ்சம் மோதிரங்கள் மட்டுமே தெரிகிற ஒருவருக்கு, உள்ளே ஏராளமான ஒட்டுண்ணிகள் பதுங்கியிருக்கலாம். "கொஞ்சமாகத்தானே இருக்கிறது" என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். மலாவி நாட்டின் பிளாண்டைர் நகரில், மூளை மலேரியா என்று கணிக்கப்பட்டு இறந்த 31 குழந்தைகளின் உடல்களை ஆய்வாளர்கள் பிரேதப் பரிசோதனை செய்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். 24 பேரின் மூளைக் குழாய்களில் ஒட்டிய அணுக்கள் இருந்தன. மற்ற 7 பேரின் சாவுக்குக் காரணம் வேறு. அவர்கள் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது உண்மை, ஆனால் அவர்களைக் கொன்றது அது அல்ல. உயிரோடு இருந்தபோது இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டிய அடையாளம் கண்ணில்தான் இருந்தது. விழித்திரையின் குழாய்களும் மூளையின் குழாய்களைப் போன்றவையே என்பதால், அங்கே தெரியும் வெள்ளைத் திட்டுகளும் இரத்தக் கசிவும் நிறம் மாறிய குழாய்களும் மூளைக்குள் நடப்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

மருந்து எந்த நேரத்தில் வேலை செய்கிறது?

தோட்டக் காலத்தில் கொயினாதான் மருந்து. அது பெரும்பாலும் முதிர்ந்த ஒட்டுண்ணியைத்தான் தாக்கும், அதாவது ஒட்டிக்கொண்ட பிறகு. இன்று நரம்பு வழியாகக் கொடுக்கும் ஆர்ட்டிசுனேட், மோதிரப் பருவத்திலேயே ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும். அணு ஒட்டுவதற்கு முன்பே கதை முடிகிறது. வங்காளதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியன்மாரில் கடுமையான மலேரியா நோயாளிகள் 1,461 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2005-இல் வந்தது. கொயினா பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினர். ஏற்கனவே ஒட்டிக்கொண்ட அணுக்களைப் பிய்த்தெடுக்கும் மருந்து மட்டும் இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. அதனால்தான் மணிக்கணக்கு முக்கியம்.

இப்போது மலேசியாவில் நிலைமை என்ன?

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா வகைகளில் 2018 முதல் இங்கே உள்ளூர்த் தொற்று இல்லை என்று பதிவாகியிருக்கிறது. இப்போது இங்கே இருப்பது குரங்கிலிருந்து வரும் நோவ்லெசி வகை. இதில் நோயாளி கோமாவுக்குப் போவது அரிது. ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால் வேகமாக முற்றி, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பாதித்து உயிரையும் பறிக்கலாம். பால்சிபாரமோ பயணிகளோடு விமானத்தில் வரும்.

எனவே காட்டோரம் வேலை செய்தவர், முகாமுக்குப் போனவர், ஆப்பிரிக்கா போன்ற இடங்களிலிருந்து திரும்பியவர் யாருக்காவது காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தோம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் காய்ச்சல் விடவில்லை என்றால், 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடியும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ கிளினிக்குக்குப் போய் நேரத்தை வீணாக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.