மூன்று விரல் உப்பும் ஒரு சொல்லும்: வங்கதேச வாய்வழி நீரேற்ற இயக்கத்தில் (1980–1990) மொழிபெயர்ப்பின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

வயிற்றுப்போக்கினால் நீரிழந்த குழந்தைக்கு உப்பு, வெல்லக் கரைசலை வீட்டிலேயே தயாரிக்கும் முறையைப் பிராக் நிறுவனம் வங்கதேச ஊர்ப்புறத் தாய்மார்களுக்கு வீடுவீடாகச் சென்று கற்பித்தது. அவ்வியக்கம் அளவுகளை மக்கள் மொழிக்கு மாற்றுவதில் வெற்றி கண்டது. நோயின் பெயரை மாற்றுவதில் இடறியது. அந்த இடறலை விளக்கி, தமிழில் எழுதப்படும் பெற்றோர் அறிவுரைகளுக்கு அதனால் பெறப்படும் பாடத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

பின்னணி

குடலில் சர்க்கரை உட்கிரகிக்கப்படும்போது சோடியமும் உடன் செல்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. காலராவால் தாக்குண்ட குடலிலும் இவ்வழி அடைபடுவதில்லை. 1968இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர், வாய்வழியாகக் கொடுக்கும் கரைசல் நரம்புவழி நீரின் தேவையைப் பெருமளவு குறைப்பதை நிறுவினர். 1971இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் நரம்புவழி நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹாலனாபிஸ் குழுவினர் அக்கரைசலை உருளைகளில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்தனர். நூற்றுக்கு முப்பது என்ற அளவிலிருந்த இறப்பு நான்கிற்கும் கீழே இறங்கியது. மருத்துவர் அல்லாதவரும் இச்சிகிச்சையை அளிக்க இயலும் என்பதற்கு அம்முகாமே முதற்சான்றாயிற்று.

அதன்பின் எஞ்சியது மொழி சார்ந்த வினா. உலக சுகாதார நிறுவனம் 1975இல் வகுத்த கலவை கிராம் கணக்கில் அமைந்தது. அதைக் கரைக்க ஒரு லிட்டர் நீர் வேண்டும். தராசும் லிட்டர்க் குவளையும் இல்லாத வீட்டில், எழுத்தறியாத தாய்க்கு இக்கலவையை எவ்வாறு சொல்வது? பொட்டலங்களும் எல்லா ஊர்களையும் எட்டும் அளவிற்குக் கிடைக்கவில்லை. எனவே பிராக் வேறொரு வழியை நாடியது.

அளவின் மொழிபெயர்ப்பு

1979இல் சில்ஹெட் பகுதியின் சுல்லாவில் முன்னோட்டம் நடந்தது. 1980இல் விரிவான இயக்கம் தொடங்கியது. ‘லோபோன்-குர்’ எனப்பட்ட அக்கரைசலின் செய்முறை எளியது. மூன்று விரல் நுனிகளால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் ஆகிய மூன்றுமே அதன் பொருள்கள். கிராம் என்னும் அளவு கையின் அளவாக மாறியது. வெள்ளைச் சர்க்கரையை விட வெல்லம் மலிவானது. ஊர்ப்புற வீடுகளில் எளிதில் கிடைப்பது. சிறிதளவு பொட்டாசியமும் உடையது.

இம்மாற்றத்தில் ஆபத்தும் இருந்தது. சிட்டிகை பெரிதானால் உப்பு மிகும். குருதியில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் சோடியம் உள்ளது. அதைவிட அடர்ந்த கரைசலைக் குழந்தை பருகினால் நீரிழப்பு தீர்வதற்கு மாறாக மோசமடையும், வலிப்பும் வரக்கூடும். சிட்டிகை சிறிதானால் கரைசல் வெறும் இனிப்பு நீராகிவிடும். ஆதலின் தாய்மார் கலந்த கரைசலின் மாதிரிகள் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டன. உப்பின் அளவு விரல்களைக் கொண்டு கற்பிக்கப்பட்டது. நீரின் அளவைப் பொறுத்தவரை, வீட்டிலுள்ள பாத்திரத்திலேயே அரை சேர் எதுவரை வரும் என்பது அளந்து காட்டப்பட்டது. சொல்லால் சொல்லி முடிக்காமல், தாயே பணியாளர் முன் கலந்து காட்டும் வரை பாடம் நிறைவுறவில்லை.

சில வாரங்கள் கழித்து, மாதிரியாகத் தேர்ந்த வீடுகளுக்கு வேறொருவர் சென்று, நினைவில் நிற்கவேண்டிய செய்திகளைக் கேட்டுத் தரமிட்டார். பணியாளரின் ஊதியம் அத்தரத்தைப் பொறுத்து அமைந்தது. மொழிபெயர்ப்பின் செம்மை, படிப்பவரின் பாராட்டால் அன்றிக் கேட்டவரின் செயலால் அளக்கப்பட்டது என்பதே இம்முறையின் தனித்தன்மை. 1990இல் இயக்கம் முடிவுறும்போது ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் இப்பாடத்தைப் பெற்றிருந்தன.

பெயரின் மொழிபெயர்ப்பு

தாய்மார் செய்முறையைச் சரியாகச் சொன்னார்கள். கரைசலையும் சரியாகக் கலந்தார்கள். எனினும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதைக் கொடுத்தவர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. இதற்குரிய காரணங்களைத் தேடியபோது சில செய்திகள் வெளிப்பட்டன. பணியாளருள் சிலருக்கே கரைசலில் நம்பிக்கை இல்லை. வீட்டு ஆடவர்க்கு எதுவும் விளக்கப்படாததால் அவர்களுடைய இசைவும் கிட்டவில்லை. முன்னதற்குத் தீர்வாகப் பணியாளர் டாக்காவிற்கு அழைத்துவரப்பட்டு, கரைசல் செயற்படும் விதம் விளக்கப்பட்டது. பின்னதற்குத் தீர்வாக ஆடவர்க்கெனக் கூட்டங்கள் நடத்தப்பட்டன.

மூன்றாவது காரணம் சொல்லிலேயே இருந்தது. இயக்கத்தினர் பயன்படுத்திய சொல் ‘டயரியா’. மருத்துவர்க்கு அது எல்லா வகை நீர்மலத்தையும் குறிக்கும் பொதுப்பெயர். ஊர்ப்புறத் தாய்க்கோ அது நான்கில் ஒன்று. பால்குடிக் குழந்தைக்கு வருவது ‘துத் ஹாகா’. தாய்ப்பாலின் குற்றத்தால் வருவதாகக் கருதப்பட்டது. உண்டது செரியாமல் வருவது ‘அஜீர்ண’. சளியோ குருதியோ கலந்து வருவது ‘ஆமாஷா’. காலராவைப் போல் நீராகக் கொட்டி உயிரைப் பறிப்பதே ‘டயரியா’. ஆகவே அக்கொடிய நோய்க்கு மட்டும் தாய்மார் கரைசலைக் கொடுத்தனர். மற்ற மூன்றிற்கும், தாய் சில உணவுகளைத் தவிர்ப்பது போன்ற பழகிய வழிகளையே பின்பற்றினர்.

தாய்மார் அறிவுரையை மீறவில்லை. தாம் கேட்டபடியே நடந்தனர் என்பது கருதத்தக்கது. பிழை மூலச்சொல்லுக்கும் கேட்போர் சொல்லுக்கும் இடையிலான எல்லைப் பொருத்தமின்மையில் இருந்தது. உருவில் ஒன்றாகத் தோன்றிய சொல் பொருளில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. செய்முறையை மட்டும் சோதித்த தேர்வு இதைக் காட்டவில்லை. கரைசலின் பயன்பாட்டை நோய்ப்பெயர் வாரியாகப் பிரித்து நோக்கியபோதே இது புலப்பட்டது.

தமிழ்ச் சொற்களோடு ஒப்பீடு

வங்காளச் சொற்களுக்கும் தமிழ்ச் சொற்களுக்கும் உள்ள அணுக்கம் இவ்வரலாற்றை நமக்கு நெருக்கமாக்குகிறது. பால்மாந்தம், அஜீரணம், சீதபேதி, வாந்திபேதி என்னும் நான்கும் மேற்கண்ட பகுப்போடு ஏறத்தாழ இணைந்து நிற்கின்றன. ‘வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் கரைசல் கொடுக்கவும்’ என்று எழுதும்போது, மாந்தம் என்று தன் குழந்தையின் நோயைப் பெயரிடும் தாய், அவ்வரியைத் தனக்குரியதாகக் கொள்வாள் என்பதற்கு உறுதியில்லை.

‘பேதி’ என்னும் சொல்லில் மற்றொரு இடர் உள்ளது. ‘பேதிக்குக் கொடுத்தல்’ என்பது வழக்கில் மலத்தை வெளியேற்ற மருந்து கொடுத்தலைக் குறிக்கும். பேதியுப்பு என்ற பெயரும் அதையே சுட்டும். ஆகவே ‘பேதிக்கு உப்புக் கரைசல் கொடுக்கவும்’ என்ற வரி, தடுக்கவேண்டிய நோயைத் தூண்டும் செயல்போல ஒலிக்கக்கூடும். ‘மருந்து’ என்று குறிப்பிடுவதும் தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கும். கரைசல் மலப்போக்கை உடனே நிறுத்துவதில்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்கிறது. நிற்கவில்லை என்று கண்ட தாய் கொடுப்பதை நிறுத்திவிட்டால், குழந்தை நீரிழப்பிற்கு உள்ளாகும். இலங்கையில் வழங்கும் ‘ஜீவனி’ என்னும் பெயர் நோயையும் மருந்தையும் சுட்டாமல், உயிர்காக்கும் பயனைச் சுட்டுவது கவனிக்கத்தக்கது.

காய்ச்சல் பற்றிய வரிகளிலும் இவ்வகை மயக்கம் உண்டு. ‘சூடு’ என்பது தொடுவதால் அறியும் வெப்பத்தையும், உணவாலோ வெயிலாலோ வருவதாகக் கருதப்படும் உடற்சூட்டையும் குறிக்கும். ‘குழந்தைக்குச் சூடு இருந்தால்’ என்பதைப் பின்னைய பொருளில் கொள்பவர் குளிர்ச்சியான உணவை நாடுவர், காய்ச்சலை நோக்கமாட்டார்கள். மேலும், காய்ச்சலுக்கு லங்கணம் என்னும் பழைய வழக்கம் உணவை நிறுத்தச் சொல்கிறது. காய்ச்சல் உடலின் நீரிழப்பை மிகுவிப்பது. வயிற்றுப்போக்கும் உடனிருந்தால் இழப்பு இரட்டிக்கும். ஆதலின் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள் என்ற வரி, நீர் கொடுங்கள் என்ற வரிக்கு இணையான இடத்தைப் பெறவேண்டும்.

ஒரு பொட்டல வாசகம்

அளவில் நேரும் பிழையை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 2002 முதல் பரிந்துரைக்கப்படும் கலவையை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் அமையும். நம் மருந்துக்கடைகளில் ஒரு லிட்டருக்குரிய பொட்டலமும் 200 மில்லிலிட்டருக்குரிய சிறு பொட்டலமும் விற்கப்படுகின்றன. ‘ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளர் நீரில் கரைக்கவும்’ என்ற வரி சிறு பொட்டலத்திற்குப் பொருந்தும். அதையே நினைவில் கொண்டு பெரிய பொட்டலத்தை 200 மில்லிலிட்டர் டம்ளரில் கரைத்தால் அடர்த்தி ஐந்து மடங்காகும். சோடியம் 375 மில்லிமோலை எட்டும். இது குருதியின் அளவைப் போல் இரண்டரை மடங்கிற்கும் மேல். கண்ணீரை விட உப்புக் கரிக்கும் கரைசலைக் கொடுக்கக்கூடாது என்ற குறிப்பு, கலப்பவர் தாமே சோதித்தறிய உதவும்.

வங்கதேச அனுபவத்தைக் கருத்திற்கொண்டால், தமிழ் வாசகம் பின்வருமாறு அமையலாம்: ‘பால்மாந்தம், அஜீரணம், பேதி என எப்பெயரால் சொன்னாலும், குழந்தை ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராக மலம் கழித்தால் இக்கரைசலைக் கொடுங்கள். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரைக் காய்ச்சி ஆறவைத்து, பொட்டலம் முழுவதையும் அதில் கரையுங்கள். ஒவ்வொரு முறை மலம் கழித்தபின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரையும், மூத்த குழந்தைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரையும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுங்கள். கலந்த கரைசலை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். மலத்தில் குருதி தென்பட்டாலும், காய்ச்சல் இருந்தாலும், கண் குழிந்து குழந்தை சோர்ந்தாலும், நீர் குடிக்க இயலாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.’ இங்கே டம்ளர் என்பது 200 மில்லிலிட்டர் என்று அளவுக்கோடிட்ட படத்தோடு அச்சிடப்பட வேண்டும்.

முடிவுரை

வங்கதேச இயக்கம் கையளவைக் கற்பிப்பதற்கு ஒரு சோதனை முறையை முன்னதாகவே வகுத்திருந்தது. சொல்லின் எல்லையைச் சோதிக்க அத்தகைய முறை தொடக்கத்தில் இல்லை. மருத்துவ மொழிபெயர்ப்பில் கலைச்சொல்லின் திருத்தம் மட்டும் போதுமானதன்று. ‘இந்நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று நோய்ப்பெயரைக் குறிப்பிடாமல் குழந்தையின் நிலையை மட்டும் விவரித்துப் பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் கரைசலை நாடுகிறார்களா என்று பார்ப்பதே வாசகத்திற்குரிய தேர்வு. அத்தேர்வில் வெல்லாத வாசகம், சொற்கள் எத்துணைத் தூய்மையாயினும், அச்சேறத் தகுதி பெறவில்லை எனலாம்.