யோலோவில் ஆங்கர் பெட்டிகள்: வரவும் விலகலும்

ஜோசப் ரெட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் யோலோவை வெளியிட்டபோது, அதில் ஆங்கர் பெட்டி என்ற ஒன்று இல்லை. படத்தை 7×7 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு இரண்டாக மொத்தம் 98 பெட்டிகளை அது ஒரே ஓட்டத்தில் கணித்தது. ஒவ்வொரு பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் வலையமைப்பு எந்த முன்மாதிரியும் இல்லாமல் ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரே பொருள்வகைதான் என்பதால், பறவைக் கூட்டம் போல நெருங்கி நிற்கும் சிறு பொருள்கள் தவறிப்போயின.

ரெட்மனும் அலி ஃபர்ஹாதியும் 2016இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு இதற்கு மாற்றுத் தேடியது. ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என் என்னும் இருநிலைக் கண்டறிவான் மூன்று அளவு, மூன்று விகிதம் என ஒன்பது ஆங்கர் பெட்டிகளை முன்கூட்டியே விரித்துவைத்து, அவற்றிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதை மட்டும் கணித்து வந்தது. அந்த உத்தியை யோலோவில் புகுத்தியதும் சராசரித் துல்லியம் 69.5இலிருந்து 69.2ஆகச் சற்றே குறைந்தது. ஆனால் படத்தில் உண்மையில் இருக்கும் பொருள்களில் கண்டுபிடிக்கப்பட்டவற்றின் பங்கு 81 விழுக்காட்டிலிருந்து 88ஆக உயர்ந்தது. துல்லியம் குறைந்தும் அவர்கள் ஆங்கரைக் கைவிடவில்லை. தவறவிட்ட பொருளை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது. பிடித்த பொருளின் பெட்டியைச் சீராக்க இடமுண்டு. யோலோ வரலாற்றின் மிக முக்கியமான முடிவாக நான் கருதுவது இதைத்தான்.

எந்த வடிவங்களை ஆங்கராக வைப்பது? அவர்கள் பயிற்சிப் படங்களில் இருந்த பெட்டிகளையே கே-மீன்ஸ் முறையில் குழுக்களாக்கினர். அகல, உயர வேறுபாட்டைக் கொண்டு வழக்கமான தொலைவை அளந்தால் பெரிய பெட்டிகளின் பிழையே ஓங்கிநிற்கும். ஒரே மையம் கொண்ட சதுரங்களைப் பார்ப்போம். 300 பிக்சல் சதுரத்துக்கும் 270 சதுரத்துக்கும் தொலைவு ஏறத்தாழ 42. 60 சதுரத்துக்கும் 30 சதுரத்துக்கும் அதே 42தான். முதல் இணை நன்றாகவே பொருந்துகிறது, இரண்டாவது பொருந்தவில்லை. வெட்டுப் பரப்பைச் சேர்ப்புப் பரப்பால் வகுத்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்: முதலாவது 0.81, இரண்டாவது 0.25. ஐஓயூ எனப்படும் இந்த விகிதத்தைத் தாவரப் பரவலை ஒப்பிடுவதற்காக சுவிட்சர்லாந்தின் பால் ஜக்கார் 1901இலேயே பயன்படுத்தியிருந்தார். யோலோ அதையே தொலைவாக மாற்றிக்கொண்டது:

```
d(box, centroid) = 1 - IoU(box, centroid)
```

இப்படிக் கிடைத்த ஐந்து ஆங்கர்களின் சராசரி ஐஓயூ 61.0 விழுக்காடு. கையால் தேர்ந்த ஒன்பதின் சராசரி 60.9 விழுக்காடு. புதிய படத்தொகுப்புக்கு மாறும்போதும் இதே சோதனை உதவும். ஒவ்வொரு உண்மைப் பெட்டிக்கும் மிகவும் பொருந்தும் ஆங்கரின் ஐஓயூவைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால், பழைய ஆங்கர்கள் ஒத்துவருமா என்பது பயிற்சிக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆங்கர்கள் பெருகப் பெருக நகல்களும் பெருகின. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பு 416×416 படத்துக்கு 10,647 பெட்டிகளைக் கணிக்கிறது. ஒரே ஆளைப் பல பெட்டிகள் சுட்டும். அவற்றைக் களைவது என்எம்எஸ். மதிப்பெண் மிகுந்த பெட்டியை வைத்துக்கொண்டு, அதனோடு ஐஓயூ வரம்பைத் தாண்டும் மற்றவற்றை நீக்கி, எஞ்சியவற்றில் அதையே திரும்பச் செய்வதுதான் முறை.

அது எங்கே தடுமாறுகிறது? எல்லாப் பெட்டியும் 100 அகலம், 200 உயரம் என்று வைத்துக்கொள்வோம். 'அ' ஒருவரைச் சரியாகச் சுட்டுகிறது, மதிப்பெண் 0.92. 'ஆ' அதே ஆளின் நகல், 10 பிக்சல் வலப்பக்கம்; ஐஓயூ 90/110, அதாவது 0.82. இது நீங்குவது சரி. 'இ' பின்னால் நிற்கும் வேறொருவர், 30 பிக்சல் வலப்பக்கம், மதிப்பெண் 0.80, ஐஓயூ 70/130, அதாவது 0.54. 'ஈ' முதல் ஆளின் பிசகிய நகல், 35 பிக்சல் இடப்பக்கம், மதிப்பெண் 0.78, ஐஓயூ 65/135, அதாவது 0.48. வரம்பு 0.5 என்றால் உண்மையான ஆள் 'இ' மறைய, நகலான 'ஈ' தங்கிவிடும். வரம்பை 0.6ஆக உயர்த்தினால் இரண்டும் தங்கும், 0.45ஆகத் தாழ்த்தினால் இரண்டும் போகும். 'இ'யைக் காத்து 'ஈ'யை நீக்கும் வரம்பே கிடையாது. நகலையும் அண்டை ஆளையும் பிரித்தறியும் தகவல் ஐஓயூ என்ற ஓர் எண்ணுக்குள் இல்லை.

2017இல் வந்த சாஃப்ட்-என்எம்எஸ், பெட்டியை நீக்காமல் அதன் மதிப்பெண்ணை மட்டும் குறைத்தது. வரம்பைத் தாண்டிய பெட்டியின் மதிப்பெண்ணை (1 − ஐஓயூ) ஆல் பெருக்கும் அதன் நேரியல் வடிவில், வரம்பு 0.45 என்றால், 'இ' 0.37 பெறும், 'ஈ' 0.40 பெறும். அண்டை ஆள் முற்றாக மறைவதில்லை. ஆனாலும் நகல்தான் முந்துகிறது.

ஆகவே தீர்வைப் பயிற்சிக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது. 2021இல் யோலோஎக்ஸ் ஆங்கர்களைக் கைவிட்டது. 2024இல் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் யோலோவி10, ஒரு பொருளுக்குப் பல பெட்டிகளைப் பொருத்தும் கிளையையும் ஒன்றையே பொருத்தும் கிளையையும் சேர்த்துப் பயிற்றுவித்து, பயன்பாட்டில் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கு என்எம்எஸ் தேவைப்படவில்லை. ஐஓயூ மட்டும் விலகவில்லை. கோகோ தரவுத்தொகுப்பில் இந்தக் கண்டறிவான்களை மதிப்பிடுவது இன்றும் 0.50 முதல் 0.95 வரையான பத்து ஐஓயூ வரம்புகளின் சராசரியைக் கொண்டுதான்.