ஹாத்தார்னில் கூலி எங்கே போச்சு?

வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கம் ஷிப்ட் பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தப்ப முடியாது: செவ்வியல் கோட்பாட்டையும் மனித உறவுக் கோட்பாட்டையும் ஒப்பிடுக. மனப்பாடப் பதில் ரெடியா இருக்கும். டெய்லர் தொழிலாளியைக் கூலிக்கு உழைக்கிறவனாகப் பார்த்தார், மேயோ மனிதனாகப் பார்த்தார், அதற்கு ஆதாரம் ஹாத்தார்ன். ஆனா, அந்தச் சோதனைகளை உள்ளே போய்ப் பார்த்தால் பதில் இவ்வளவு சுளுவா இல்லை.

சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாத்தார்ன் ஆலையில் 1924-இல் வெளிச்சச் சோதனை தொடங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்பது கேள்வி. கூட்டிய இடத்திலும் கூடியது, கூட்டாத ஒப்பீட்டுக் குழுவிலும் கூடியது. கடைசியில் நிலா வெளிச்சம் அளவுக்குக் குறைத்தும் இரண்டு பெண்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 'கவனிக்கப்படுகிறோம் என்பதே காரணம்' என்ற கதை பிறந்தது இங்கேதான்.

லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் தொலைந்துபோனதாக நினைத்த பழைய தரவுகளைக் கண்டுபிடித்து 2011-இல் கட்டுரை வெளியிட்டார்கள். விளக்கை மாற்றியது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்கள்கிழமை உற்பத்தி கூடுதலாகத்தான் இருந்தது. அப்போ, விளக்கின் பலன் என்று எண்ணியதில் கிழமையின் பங்கும் கலந்திருக்கு.

எனக்கு இதைவிட முக்கியமாப் படுவது 1927-இல் தொடங்கிய ரிலே அறை. பெண்கள் ஐந்து பேரைத் தனி அறையில் உட்காரவைத்து இடைவேளை, வேலை நேரம் என ஒவ்வொன்றாக மாற்றினார்கள். உற்பத்தி சுமார் 30 சதவீதம் ஏறியது. ஆனால் முதலிலேயே கூலிக் கணக்கை மாற்றிவிட்டார்கள். முன்பு பெரிய துறையின் மொத்த உற்பத்தியை வைத்துக் கூலி. இப்போ அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை வைத்து. வேகமா செய்தால் பலன் நேரே தங்கள் கைக்கு வரும். அதோடு, ஒத்துழைக்கவில்லை, அதிகம் பேசுகிறார்கள் என்று இருவரை 1928 ஜனவரியில் மாற்றினார்கள். அன்பான மேற்பார்வை என்று பாடப்புத்தகம் சொல்லும் அறையில் நடந்தது இது.

கூலியை மட்டும் பிரித்துப் பார்க்க இன்னொரு குழு. தனி அறை கிடையாது, கூலி முறை மட்டும் மாற்றம். உற்பத்தி சுமார் 12 சதவீதம் ஏறியது. துறையில் மற்றவர்களிடம் முணுமுணுப்பு கிளம்பவே, சுமார் ஒன்பது வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். அபிரகத் தகடு பிரிக்கும் குழுவில் கூலி மாறவில்லை, தனி அறை மட்டும். அங்கேயும் சுமார் 15 சதவீதம் ஏறியது. ஆக, இரண்டுக்கும் பங்குண்டு. ஒரு குழுவுக்கு ஐந்து பேர் வைத்து இதற்கு மேல் துல்லியமாப் பிரிக்க முடியாது.

ஒப்பீட்டில் விடுபடும் இன்னொன்று சங்கம். மேயோவின் எழுத்தில் கூட்டுப்பேரத்துக்கு இடம் குறைவு. பூசல் வந்தால் அது பேச்சுத் தொடர்பின் கோளாறு. 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அங்கே கேட்டது சங்க அங்கீகாரமும் கூலி உயர்வும். அதை டெய்லர் பக்கம் வைப்பதா, மேயோ பக்கம் வைப்பதா? இரண்டிலும் பொருந்தாது. தேர்வில் இதையும் இரண்டு வரி எழுதுங்கள்.