வெட்டுமிடத்தைக் காட்டும் பெட்டி: அரட்டைச் செய்தியின் நீள வரம்பும் எச்சரிக்கை வடிவமைப்பும்

பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஓய்க்காரினென் 1988இல் உருவாக்கிய ஐஆர்சி அரட்டை முறை இன்றும் இயங்குகிறது. அதன் விதிகளை 1993இல் எழுதிவைத்த ஆர்எஃப்சி 1459 ஆவணம், ஒரு செய்தி வரி 512 பைட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வரியை முடிக்கும் இரண்டு பைட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அந்த ஆவணம் அவ்வளவு கறாராக இல்லை. பல சர்வர்கள் மிச்சத்தை வெட்டிவிட்டு வேலையைப் பார்த்தன.

இந்த வெட்டு ஏன் அனுப்பியவர் கண்ணில் படுவதில்லை என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். `kavitha` என்ற பெயரில் ஒருவர் `#tamil` என்ற அறையில் எழுதுகிறார் என்று கொள்வோம். அவருடைய மென்பொருள் சர்வருக்கு அனுப்பும் வரி இப்படி இருக்கும்:

```
PRIVMSG #tamil :செய்தி
```

செய்திக்கு முன்னால் உள்ள பகுதி 16 பைட், வரிமுடிவு 2 பைட். ஆகவே செய்திக்கு 494 பைட் மிஞ்சுகிறது. ஆனால் சர்வர் இதே வரியை மற்றவர்களுக்கு அனுப்பும்போது, அனுப்பியவரின் பெயரையும் கணினி முகவரியையும் முன்னொட்டாகச் சேர்க்கிறது. `:kavitha!~kavitha@` என்று தொடங்கி, முகவரி 24 எழுத்து என்றால், அதையடுத்த இடைவெளியோடு அந்த முன்னொட்டு 43 பைட் ஆகும். இப்போது செய்திக்கு மிஞ்சுவது 451 பைட்தான். 452 முதல் 494 வரையிலான இடைவெளியில் விழும் செய்தி சர்வருக்கு முழுமையாகப் போய்ச் சேர்கிறது. அனுப்பியவர் திரையில் அவருடைய மென்பொருளே அதை முழுமையாகக் காட்டுகிறது. வாசிப்பவர்களுக்கு மட்டும் வால் இல்லை.

தமிழில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. 451ஐ 3ஆல் வகுத்தால் 150 குறிகள் போக ஒரு பைட் மிச்சம். அந்த ஒற்றை பைட் எந்த எழுத்துமாகாது; வாசிப்பவர் திரையில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரமாக நிற்கும். வரியின் கடைசியில் அந்தச் சதுரம் தென்பட்டால், செய்தி பைட் கணக்கில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தடயம்கூடக் கிடைக்காது.

ஐஆர்சி பழைய கதை என்று ஒதுக்க முடியாது. இன்றைய இணையப் பக்கத்தின் உரைப்பெட்டியில் இதே வேலையை `maxlength` என்ற ஒற்றைப் பண்பு செய்கிறது. தட்டிக்கொண்டே போகிறவர் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்பார். அதனால் பெரிய சேதமில்லை. வேறிடத்தில் எழுதி நகலெடுத்து ஒட்டுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். குரோம் போன்ற உலாவிகள் வரம்புக்குள் அடங்குவதை மட்டும் ஏற்று, மீதியை ஓசையின்றி உதறிவிடுகின்றன. ஒட்டப்பட்டது நீளமான செய்தி என்பதால் அதன் கடைசி வரியை எவரும் சரிபார்ப்பதில்லை. கேள்வியோ கோரிக்கையோ பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும்.

பிரிட்டன் அரசின் GOV.UK வடிவமைப்புத் தொகுப்பு இதற்கு நேர் எதிரான வழியை எடுத்தது. அதன் எழுத்து எண்ணும் பெட்டி பயனரைத் தடுப்பதில்லை. வரம்பைத் தாண்டியும் தட்டலாம், ஒட்டலாம். இத்தனை எழுத்து அதிகமாக உள்ளது என்று பெட்டிக்குக் கீழே செய்தி மாறுகிறது. வரம்பின் குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டும்வரை எண்ணிக்கையைக் காட்டாமலும் வைக்கலாம். திரை வாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு எண்ணிக்கை தனியாகப் போகிறது: ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண்ணை உச்சரித்தால் எழுதவே முடியாது என்பதால், தட்டுவது சற்று நின்ற பிறகே அது அறிவிக்கப்படுகிறது. சிறிய விஷயம்தான், ஆனால் பல நிறுவனங்களின் எண்ணும் பெட்டிகளில் இந்த அக்கறையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் எண்ணிக்கை மட்டும் போதுமா என்பதில் இக்கட்டுரை மாறுபடுகிறது. ‘கொண்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வாசகர் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் ஆறு குறி, யூடிஎஃப்-8இல் 18 பைட். ‘கொ’வில் உள்ள ஒகர உயிர்க்குறி ஒற்றைக் குறியாக இல்லாமல் கொம்பும் காலுமாகப் பிரிந்து சேமிக்கப்பட்டால் ஏழு குறி, 21 பைட். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ‘இன்னும் 12 மிச்சம்’ என்று பெட்டி சொல்லும்போது, அது ஆறு எழுத்தா, எட்டா, பன்னிரண்டா என்று தமிழில் எழுதுபவரால் ஊகிக்க இயலாது. வரம்பைத் தாண்டியவருக்கு வேண்டியது எண் அல்ல, இடம். எந்தச் சொல் வரை போகும், எங்கிருந்து போகாது என்று காட்டினால் அவர் எதைச் சுருக்குவது என்று தானே முடிவு செய்வார். ட்விட்டர் தன் பெட்டியில் மிகுதிப் பகுதிக்குச் சிவப்புப் பின்னணி பூசியது இந்த வகையில் சரியான தேர்வு.

இதைச் செய்வதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. உலாவியின் சாதாரண உரைப்பெட்டியில் ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் பூச இயலாது. பெட்டிக்குப் பின்னால் அதே எழுத்துருவில் இன்னொரு படலத்தை வைத்து வண்ணமிடுவது வழக்கம். எல்லைக்கோடு ‘கொ’வின் நடுவே விழுந்தால் மெய்யும் உயிர்க்குறியும் பிரிந்து படலத்தில் எழுத்து உடையும். எனவே பைட் வரம்பைக் கணக்கிட்ட பின், அதற்கு முந்தைய முழு எழுத்தின் முடிவுக்கு எல்லையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். `Intl.Segmenter` இதற்கு உதவும். படலமெல்லாம் வேண்டாம் என்பவர்கள், பெட்டிக்குக் கீழே ‘இந்த இடத்திலிருந்து அனுப்ப முடியாது’ என்று எழுதி மிகுதியின் முதல் சில சொற்களைக் காட்டலாம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இதுவே மேலானது.

எல்லைக்கான அளவு, செய்தியை இறுதியில் ஏற்கும் இடத்தின் அளவாக இருக்க வேண்டும். சர்வர் பைட்டில் அளந்தால் பெட்டியும் பைட்டில் அளக்க வேண்டும்:

```
new TextEncoder().encode(text.normalize("NFC")).length
```

`NFC` ஒழுங்காக்கம் பிரிந்த கொம்பையும் காலையும் ஒன்றாக்குகிறது. எண்ணுவதற்கு ஒழுங்காக்கிய வடிவத்தையே அனுப்பவும் வேண்டும். இல்லையேல் கணக்கு மறுபடி பிசகும். வரி முறிவும் இப்படிப்பட்ட பொறிதான். உரைப்பெட்டிக்குள் அது ஒரு குறி, படிவமாக அனுப்பும்போது இரண்டு. பத்துப் பத்தி கொண்ட செய்தி, பெட்டியில் அடங்கிச் சர்வரில் அடங்காமல் போவது இதனால் நடக்கும்.

நீளமானதைத் தானாகவே பல துண்டுகளாக அனுப்பிவிடலாமே என்று கேட்கலாம். தமிழ்க் குறுஞ்செய்தி அப்படித்தான் செல்கிறது: தனியாக 70 குறி, சேர்த்து அனுப்பும்போது துண்டுக்கு 67. அங்கே வாங்கும் கைபேசி துண்டுகளை மீண்டும் ஒட்டிவிடுகிறது. ஐஆர்சி மென்பொருள்கள் சிலவும் முன்னொட்டின் நீளத்தைக் கணித்து வரியைப் பிரிக்கின்றன. ஆனால் அங்கே ஒட்டுவார் இல்லை, பரபரப்பான அறையில் இரண்டு துண்டுக்கு நடுவே வேறொருவரின் பேச்சு நுழைந்துவிடும். பிரிப்பதானால் எத்தனையாகப் பிரியும் என்பதை அனுப்பும் முன்பே காட்ட வேண்டும்.

அரட்டையில் ‘என்டர்’ விசையே அனுப்பும் விசை என்பதால் கடைசிக் காவலை அங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. வரம்பு தாண்டிய நிலையில் அதை அழுத்தினால் எதுவும் போகக் கூடாது. சுட்டி எல்லை விழும் இடத்துக்குச் செல்ல வேண்டும். காரணம் எழுத்தில் தெரிய வேண்டும். பெட்டியின் கணக்கை மீறி வந்துசேரும் நீளச் செய்தியைச் சர்வர் வெட்டாமல் திருப்பியனுப்ப வேண்டும். இன்றைய ஐஆர்சியில் உள்ளீடு மிக நீளம் என்று சொல்லும் 417 என்ற பிழை எண் இதற்காகவே இருக்கிறது. அப்படித் திரும்பிவரும்வரை பெட்டி தன் உரையைக் காலி செய்யலாகாது. இதைச் சோதிக்கச் சரியாக வரம்பளவு, அதற்கு ஒரு குறி குறைவு, ஒரு குறி கூடுதல் என மூன்று தமிழ்ச் செய்திகளை ஒட்டி அனுப்பி, வேறொரு கணக்கில் நுழைந்து வாங்குபவர் பக்கத்துக் கடைசிச் சொல்லை ஒப்பிட்டால் போதும்.