உடன்படிக்கைக் கடமையும் விலக்குக் குறிப்பும்: உறுப்பு 9 குறித்த இந்திய அறிவிப்பின் வரலாறு (1979 - 1997)

முன்னுரை

பன்னாட்டு உடன்படிக்கையில் சேரும் அரசு, அதன் எல்லா விதிகளையும் ஏற்றாக வேண்டும் என்பதில்லை. கையெழுத்திடும்போதோ, ஏற்பளிக்கும்போதோ, பின்னர்ச் சேரும்போதோ, சில விதிகளின் சட்ட விளைவை விலக்கியோ மாற்றியோ அது எழுத்தில் குறிப்புத் தரலாம். இதனை விலக்குக் குறிப்பு எனலாம். ஒரு விதியைத் தான் எவ்வாறு பொருள் கொள்கிறது என்று மட்டும் கூறுவது விளக்க அறிவிப்பு ஆகும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை எத்துணை மெல்லியது என்பதையும், தான் விதித்த வரம்பு ஓர் அரசின் உள்நாட்டிலேயே எவ்வாறு வலுவிழக்கக்கூடும் என்பதையும் இந்தியாவின் 1979ஆம் ஆண்டு அறிவிப்பு காட்டுகிறது.

அறிவிப்பின் உள்ளடக்கம்

குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979 ஏப்ரல் 10 அன்று சேர்ந்தது. அப்போது அளித்த அறிவிப்பில் தன்னாட்சி உரிமை பற்றிய உறுப்பு 1, கைது, காவல் பற்றிய உறுப்பு 9 முதலியன இடம்பெற்றன. தன்னாட்சி உரிமை அயலார் ஆதிக்கத்தின்கீழ் வாழும் மக்களுக்கே உரியது என்று முதற்பகுதி கூறியது. இதனை ஜெர்மனியும் பிரான்சும் 1980இலும், நெதர்லாந்து 1981இலும் எதிர்த்தன.

உறுப்பு 9 பற்றிய பகுதி இரண்டு செய்திகளைக் கொண்டிருந்தது. அவ்வுறுப்பு, இந்திய அரசியலமைப்பின் உறுப்பு 22இல் உள்ள (3) முதல் (7) வரையிலான கூறுகளுக்கு இசையவே செயற்படுத்தப்படும் என்பது முதலாவது. இக்கூறுகள் தடுப்புக் காவலைப் பற்றியவை. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டோர்க்கு இல்லை. சட்டத்திற்கு மாறாகக் கைது செய்யப்பட்டோர் அரசிடமிருந்து இழப்பீடு பெறுவதற்கு நடைமுறைப்படுத்தத்தக்க உரிமை இந்தியச் சட்ட முறையில் இல்லை என்பது இரண்டாவது. உடன்படிக்கையின் உறுப்பு 9(5) அவ்வுரிமையையே வழங்குகிறது.

பெயரா, விளைவா?

இந்தியா இதனை ‘அறிவிப்பு’ என்றே அழைத்தது. ஆயினும் 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை விதிகளின்படி, ஒரு கூற்றுக்கு இடப்பட்ட பெயர் முடிவானதன்று. ஒரு விதியின் விளைவை அது விலக்குகிறதா, மாற்றுகிறதா என்பதே அளவுகோல். இந்தியா அவ்வுடன்படிக்கையில் உறுப்பினர் அன்று என்றாலும், ஏனைய அரசுகளின் அறிவிப்புகளையும் மதிப்பிட இவ்வளவுகோல் பயன்படுகிறது. ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவது விளக்கம்; உடன்படிக்கை தரும் இழப்பீட்டு உரிமை தன் நாட்டில் இல்லை என்பது அவ்விதியின் விளைவை நீக்குவது. ஆகவே உறுப்பு 9 பற்றிய இரண்டாம் செய்தி, பெயரால் அறிவிப்பாயினும் பயனால் விலக்குக் குறிப்பே. அத்தகைய குறிப்பு உடன்படிக்கையின் நோக்கத்திற்கு முரணாகாதிருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளின் நிபந்தனை.

நீதிமன்றங்களில் நேர்ந்த மாற்றம்

அறிவிப்பு வெளிவந்து நான்கு ஆண்டுகளே கடந்த நிலையில், அதன் அடிப்படைக் கூற்று கேள்விக்குள்ளானது. ருதுல் சா எதிர் பீகார் அரசு வழக்கில், 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற ஒருவர் 1982 வரை, பதினான்கு ஆண்டுகளுக்கு மேல், சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் 1983இல், உறுப்பு 32இன்கீழ் தனக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு, ஏற்கெனவே தரப்பட்ட 5,000 ரூபாயுடன் மேலும் 30,000 ரூபாயை இடைக்கால இழப்பீடாக வழங்குமாறு ஆணையிட்டது. விடுதலை ஆணை மட்டும் பிறப்பித்துவிட்டு நிற்பின் வாழ்வுரிமை பொருளற்றதாகும் என்பதே அதன் வாதம்.

நீலாவதி பெஹரா வழக்கில் (1993), காவலில் இறந்த இளைஞரின் தாய்க்கு 1,50,000 ரூபாய் வழங்கப்பட்டது. இழப்பீட்டு உரிமை புதிதன்று என்பதற்கு உறுப்பு 9(5) அவ்வழக்கில் சான்றாகக் காட்டப்பட்டது. அரசு விலக்கிவைத்த விதியே அரசுக்கு எதிரான தீர்ப்பில் துணைச் சான்றாயிற்று. டி.கே.பாசு வழக்கில் (1996) நீதிமன்றம் இதனை வெளிப்படையாகவே கூறியது: நீதிமன்றங்கள் வகுத்த சட்டத்தின் முன்னிலையில் அவ்விலக்குக் குறிப்பு தன் பொருத்தத்தை இழந்துவிட்டது.

முடிவுரை

உள்நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு, பன்னாட்டு அளவில் விலக்குக் குறிப்பை நீக்கிவிடாது. அதனைத் திரும்பப் பெறும் உரிமை அரசுக்கே உரியது. 1997இல் இந்தியாவின் அறிக்கையை ஆராய்ந்த ஐ.நா. மனித உரிமைக் குழு, இவ்வறிவிப்புகளைத் திரும்பப் பெறும் நோக்குடன் மறுஆய்வு செய்யுமாறு கோரியது. இழப்பீட்டைப் பொறுத்தவரை, அறிவிப்பு கூறும் சட்ட நிலைக்கும் நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தும் சட்ட நிலைக்கும் இடையே இடைவெளி தோன்றிவிட்டது. தடுப்புக் காவலின் நிலை வேறு. அது அரசியலமைப்பின் சொற்களிலேயே வேரூன்றியிருத்தலால், நீதிமன்ற விளக்கத்தால் அவ்வரம்பு எளிதில் தளர்வதில்லை. ஒரே அறிவிப்பின் இரு செய்திகளும் இருவேறு வழியிற் சென்றமைக்குக் காரணம் இதுவே: ஒன்று நீதிமன்றம் மாற்றக்கூடிய சட்டநிலையைச் சார்ந்திருந்தது, மற்றொன்று அரசியலமைப்பையே சார்ந்திருந்தது.