சிறியதாய்ப் பிறந்து குட்டையாகவே வளரும் குழந்தைகளும் வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையும்: ஒரு வரலாறு

கருவில் இருந்த வாரங்களுக்கு ஏற்ற எடையோ நீளமோ இல்லாமல் பிறக்கும் குழந்தை, மருத்துவத்தில் 'கருக்கால வயதுக்குச் சிறிய குழந்தை' எனப்படுகிறது. இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் வேகமாக வளர்ந்து தம் வயதினரை எட்டிப் பிடித்துவிடுகின்றனர். ஏறத்தாழ பத்தில் ஒருவர் மட்டும் எட்டிப் பிடிப்பதில்லை. இந்தச் சிறு பிரிவினருக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாம் என்று 2001-இல் அமெரிக்காவும் 2003-இல் ஐரோப்பாவும் அனுமதி அளித்தன. ஆனால் யாருக்குப் போடலாம் என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எடை மட்டும் அளவுகோலாக இருந்த காலம்

பின்லாந்தின் குழந்தை மருத்துவர் ஆர்வோ உல்ப்போ, 1919-ஆம் ஆண்டளவில், 2500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையைக் குறைமாதக் குழந்தையாகக் கொள்ளலாம் என்றார். தராசு இருந்தாலே போதும் என்பதால் இந்த அளவுகோல் உலகெங்கும் பரவியது. 1948-இல் உலக சுகாதார அமைப்பும் இதையே ஏற்றது.

இதில் ஒரு குறை இருந்தது. 34 வாரத்தில் 2200 கிராம் எடையுடன் பிறந்த குழந்தை தன் வாரத்துக்குச் சரியாகவே வளர்ந்திருக்கிறது. அது சீக்கிரம் பிறந்துவிட்டது, அவ்வளவுதான். 40 வாரம் நிறைந்து அதே 2200 கிராமுடன் பிறந்த குழந்தையோ கருவிலேயே வளர்ச்சி தடைப்பட்டது. இருவருக்கும் 'குறைமாதம்' என்ற ஒரே பெயர் கிடைத்தது. இக்குழப்பத்தை உணர்ந்த உலக சுகாதார அமைப்பு, 1961-இல் அந்த அளவுக்கு 'குறைந்த பிறப்பு எடை' என்று பெயர் மாற்றியது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கருவி 1963-இல் கிடைத்தது. அமெரிக்காவின் டென்வர் நகரில் லூலா லுப்செங்கோவும் உடன் பணியாற்றியோரும், 24 முதல் 42 வாரம் வரை பிறந்த 5,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடையை வாரவாரியாக வரைபடமாக்கினர. 1967-இல் பட்டாலியாவும் லுப்செங்கோவும் அந்த வரைபடத்தைக் கொண்டு குழந்தைகளைச் சிறியவர், பொருத்தமானவர், பெரியவர் என்று மூன்றாக வகுத்தனர். அந்த வாரத்தில் பிறந்த 100 குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் கடைசிப் பத்துப் பேருக்குள் வருவோரே 'சிறியவர்'.

டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரமான இடங்களில் குழந்தைகள் சற்று எடை குறைவாகவே பிறக்கின்றனர். எனவே ஓர் ஊரின் வரைபடம் எல்லா ஊருக்கும் பொருந்தாது என்ற விமர்சனம் எழுந்தது. பின்னர் பல நாடுகள் தமக்கெனத் தனி வரைபடங்களை உருவாக்கின.

ஹார்மோன் அரிதாக இருந்த காலம்

வளர்ச்சி ஹார்மோன், மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சுரக்கிறது. மாடு, பன்றி ஆகியவற்றின் ஹார்மோன் மனிதரிடம் வேலை செய்யாது. அமெரிக்க மருத்துவர் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனை 17 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தி, அவன் வளர்ந்ததை 1958-இல் வெளியிட்டார்.

ஒரு குழந்தையின் சிகிச்சைக்குப் பல சடலங்களின் சுரப்பிகள் வேண்டியிருந்தன. ஆகவே ஹார்மோன் அறவே சுரக்காத குழந்தைகளுக்கே முன்னுரிமை தரப்பட்டது. சிறியதாய்ப் பிறந்து குட்டையாக இருப்போரில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சுரக்கவே செய்கிறது. எனவே அவர்கள் வரிசையின் கடைசியில் நின்றனர். ஆயினும் பிரிட்டனில் ஜேம்ஸ் டானர் குழுவினர் 1971-இல் வெளியிட்ட, 100 குழந்தைகளைப் பற்றிய ஆய்வில், பிறப்பு எடை குறைந்த சிலரும் சேர்க்கப்பட்டிருந்தனர்.

1985-இல் நிலைமை மாறியது. சடலச் சுரப்பி ஹார்மோன் பெற்ற சிலர், மூளையைச் சிதைக்கும் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயால் இறந்தது தெரியவந்தது. அமெரிக்காவில் அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த ஹார்மோனுக்கு அங்கு அனுமதி கிடைத்தது. இதன்பின் மருந்துக்குத் தட்டுப்பாடு இல்லை. 'யாருக்குப் போதும்?' என்ற கேள்வி போய், 'யாருக்குத் தகும்?' என்ற கேள்வி வந்தது.

நெதர்லாந்து ஆய்வு

இக்கேள்விக்கு விடை தந்த ஆய்வுகளுள் முக்கியமானது நெதர்லாந்தில் 1990-களில் நடந்தது. பருவமடையாத, சிறியதாய்ப் பிறந்து குட்டையாக இருந்த குழந்தைகளை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு குழுவுக்கு நாள்தோறும் ஓர் அளவு மருந்து. மற்றதற்கு அதைப்போல் இரு மடங்கு. யாருக்கு எந்த அளவு என்பது குழந்தைகளுக்கோ மருத்துவர்களுக்கோ தெரியாது.

முடிவைப் புரிந்துகொள்ள 'திட்ட விலக்கம்' என்ற அளவை அறிவது அவசியம். ஒரே வயதும் பாலும் உடைய குழந்தைகளின் சராசரி உயரம் 0. −2 என்றால் ஆயிரத்தில் ஏறத்தாழ 23 பேர் மட்டுமே அதற்குக் கீழ் இருப்பர். −2.5 என்றால் ஆயிரத்தில் ஏறத்தாழ 6 பேர்.

ஆய்வின் தொடக்கத்தில் குழந்தைகளின் உயரம் சுமார் −3. ஏறத்தாழ எட்டு ஆண்டு சிகிச்சைக்குப் பின் வயது வந்தபோது, குறைந்த அளவு பெற்றோர் −1.1-ஐயும், இரு மடங்கு பெற்றோர் −0.9-ஐயும் எட்டினர். 2003-இல் வெளியான இம்முடிவின்படி, 85 சதவீதத்தினர் வயது வந்தோரின் இயல்பான உயர வரம்புக்குள் வந்தனர். மருந்தை இரட்டிப்பாக்கியதால் கிடைத்த கூடுதல் பலனோ ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இல்லை.

இரு கண்டங்கள், இரு விதிகள்

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001-இல் தந்த அனுமதி எளிமையானது: சிறியதாய்ப் பிறந்து, இரண்டு வயதுக்குள் எட்டிப் பிடிக்காத குழந்தைக்குப் போடலாம். உச்ச அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 0.48 மில்லிகிராம்.

ஐரோப்பிய மருந்து முகமை 2003-இல் ஏற்ற விதி இறுக்கமானது. பிறப்பு எடை அல்லது நீளம் −2-க்குக் கீழ் இருக்க வேண்டும். வயது நான்கு நிறைந்திருக்க வேண்டும். இப்போதைய உயரம் −2.5-க்குக் கீழ் இருக்க வேண்டும். பெற்றோர் உயரத்தோடு ஒப்பிட்டாலும் −1-க்கு மேல் பின்தங்கியிருக்க வேண்டும். கடந்த ஓராண்டில் வளர்ந்த வேகமும் சராசரிக்குக் குறைவாக இருக்க வேண்டும். மருந்து, கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.035 மில்லிகிராம். இது அமெரிக்க உச்ச அளவில் ஏறத்தாழ பாதி.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். நாற்பது வாரம் நிறைந்து 2300 கிராம் எடையும் 45 செ.மீ. நீளமும் உடையவளாக ஒரு பெண் குழந்தை பிறக்கிறாள். உலக சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி இரண்டுமே −2-க்குச் சற்றுக் கீழ். நான்கு வயதில் அவள் உயரம் 90 செ.மீ. அவ்வயதுப் பெண் குழந்தைகளின் சராசரி 102.7 செ.மீ. எனவே அவள் நிலை ஏறத்தாழ −3. கடந்த ஆண்டில் 6 செ.மீ. வளர்ந்தாள், அவ்வயதுச் சராசரியோ ஏழரை செ.மீ. அளவில் இருக்கிறது.

இனி பெற்றோர். தந்தை 172 செ.மீ., தாய் 158 செ.மீ. பெண் குழந்தைக்கு இரண்டையும் கூட்டி, 13-ஐக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். 158.5 செ.மீ. வருகிறது. இது வயதுவந்த பெண்களின் அட்டவணையில் சுமார் −0.7. அவள் இருப்பதோ −3-இல். வித்தியாசம் −2.3. ஐரோப்பிய விதிப்படி அவள் தகுதி பெறுகிறாள். எடை 11.5 கிலோ என்றால் நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் மருந்து.

இதே அளவுகளுடன் இன்னொரு சிறுமி. அவள் தந்தை 155 செ.மீ., தாய் 145 செ.மீ. கணக்கிட்டால் 143.5 செ.மீ.; அதாவது சுமார் −3. சிறுமி தன் குடும்ப உயரத்திலேயே இருக்கிறாள். ஐரோப்பிய விதிப்படி அவளுக்கு மருந்து இல்லை. பெற்றோர் உயரத்தைக் கேட்காத அமெரிக்க விதிப்படி இருவருமே தகுதி பெறுகின்றனர்.

கணக்கு தவறும் இடங்கள்

இந்தக் கணக்கு முழுவதும் பிறந்த நாளின் இரண்டு விவரங்களை நம்பியிருக்கிறது. முதலாவது கருக்கால வயது. கடைசி மாதவிலக்குத் தேதியைத் தாய் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டால், 36 வாரத்தில் இயல்பான எடையுடன் பிறந்த குழந்தைகூட 40 வாரக் குழந்தையாகக் கணக்கிடப்பட்டுச் 'சிறியது' ஆகிவிடும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் எடுத்த ஸ்கேன் இருந்தால் இத்தவறு தெரிந்துவிடும். இரண்டாவது நீளம். சுருண்டு கிடக்கும் சிசுவை நாடாவால் அளந்தால் ஓரிரு செ.மீ. பிழை எளிதில் வரும். பலகையில் கிடத்தி, காலை நீட்டி அளப்பதே சரியான முறை.

வேறு காரணங்களையும் மருத்துவர்கள் விலக்கிப் பார்க்கின்றனர். குட்டையான சிறுமிக்கு டர்னர் நோய்க்குறி உண்டா என்று குரோமோசோம் பரிசோதனை செய்யப்படுகிறது. புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ப்ளூம் நோய்க்குறி உள்ள குழந்தையும் சிறியதாகவே பிறக்கும். அதற்கு வளர்ச்சி ஹார்மோன் தரக்கூடாது.

நீடிக்கும் கேள்வி

சிறியதாய்ப் பிறந்தோருக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று பிரிட்டனில் டேவிட் பார்க்கர் 1980-களின் இறுதியிலிருந்து காட்டிவந்தார். வளர்ச்சி ஹார்மோனோ இன்சுலினின் வேலையை ஓரளவு தடுக்கக்கூடியது. ஊசியை நிறுத்தியபின் இவ்விளைவு மறைவதாக நெதர்லாந்து ஆய்வில் தெரிந்தது.

எனினும் 2012-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு கவலையைக் கிளப்பியது. குழந்தைப் பருவத்தில் இச்சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு எதிர்பார்த்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் ஆய்வு, இதய நோயாலோ புற்றுநோயாலோ யாரும் இறக்கவில்லை என்றது. எட்டு ஐரோப்பிய நாடுகளின் 24,000 பேரைத் தொடர்ந்த பெரிய ஆய்வு 2020-இல் வெளியானது. ஹார்மோன் குறைபாடு மட்டும் உள்ளோரிடமும், காரணம் தெரியாமல் குட்டையாக இருந்தோரிடமும் இறப்பு கூடவில்லை; சிறியதாய்ப் பிறந்தோரிடம் சற்றுக் கூடியிருந்தது, அதுவும் பெரும்பாலும் பிரெஞ்சுப் பிரிவினரிடம். இது மருந்தின் விளைவா, சிறியதாய்ப் பிறந்ததன் விளைவா என்பதை அந்த ஆய்வால் பிரித்துக் காட்ட முடியவில்லை. ஏனெனில் சிகிச்சை பெறாத, அதே போல் பிறந்த ஒரு குழு ஒப்பீட்டுக்கு இல்லை.

ஹார்மோன் குறைபாடு உள்ள குழந்தைக்கு இம்மருந்து இல்லாததை ஈடுசெய்கிறது. சிறியதாய்ப் பிறந்த குழந்தைக்கோ இருப்பதற்கு மேல் கொடுக்கப்படுகிறது. எனவே சிகிச்சைக் காலத்தில், இந்த ஹார்மோனின் தூண்டுதலால் உடலில் உருவாகும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் அளவும் இரத்தச் சர்க்கரையும் சோதிக்கப்படுகின்றன. முதல் ஆண்டில் வளர்ச்சி வேகம் போதிய அளவு கூடாவிட்டால், மருந்தை நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பிய விதி கூறுகிறது.